கோயில் நிலத்தைக் காட்டலாம், சிலையைக் காட்டக் கூடாதா? ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு தகவல் உரிமைக் கணக்கு

ஸ்ரீரங்கத்தில் வீடு தேடுபவர்கள் காதில் முதலில் விழும் சொல் ‘அடிமனை’. சுவரும் கூரையும் ஒருவருக்குச் சொந்தம், சரி. அந்த வீடு நிற்கிற மண் யாருக்குச் சொந்தம்? ரங்கநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் “எங்களுக்கு” என்கிறார்கள். கோயில் நிர்வாகம் “பெருமாளுக்கு” என்கிறது. இந்தத் தகராறால் பத்திரப்பதிவு முடங்கியது, வழக்குகள் நடந்தன, ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதிகள் வந்தன.

யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளும். இங்கே கேட்க வேண்டியது அதற்கு முந்தைய கேள்வி. எந்த ஆவணத்தை வைத்துக் கோயில் அந்த மண்ணுக்கு உரிமை கோருகிறது? அந்த ஆவணத்தை வீடு வாங்கப் போகிறவர் பார்க்க முடியுமா? பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க முடியுமா, அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரியவருமா?

அரசு ரகசியம் என்றாலே ராணுவமும் உளவுத் துறையும்தான் நினைவுக்கு வரும். திருச்சியில் அதுவும் இருக்கிறது. 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை இப்போது பாதுகாப்புத் துறையின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழ் வருகிறது. அதன் வரைபடத்தைக் கேட்டு யாராவது மனு போட்டால் மறுக்கத்தான் செய்வார்கள், அதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருக்காது. ஆனால் சாதாரண மனிதர் வாழ்க்கையில் இடிக்கும் ரகசியங்கள் அங்கே இல்லை. அவை கோயில் அலுவலக பீரோவிலும், தாலுகா அலுவலகத்திலும், பதிவுத் துறை கணினியிலும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘ரகசியம்’ என்று யாரும் முத்திரை குத்தவில்லை. வெளியே வைக்கவில்லை, அவ்வளவுதான்.

1959லேயே சொல்லப்பட்ட பதிவேடு

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005ல். தமிழ்நாடு அதற்கும் முன்னதாக, 1997லேயே சொந்தமாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். கோயில்களைப் பொறுத்தவரை கதை இன்னும் பின்னால் போகிறது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 29வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது அது. கோயிலின் வரலாறு, அறங்காவலர் பெயர்கள், நகைகளும் பாத்திரங்களும் எடை, மதிப்போடு, நிலங்களும் அவற்றின் உரிமை ஆவணங்களும், சிலைகள், பழைய ஆவணங்கள் எல்லாம் அதில் ஏற வேண்டும். அடுத்த பிரிவு அதை ஆண்டுதோறும் சரிபார்க்கச் சொல்கிறது.

அதே சட்டத்தின் 34வது பிரிவு இன்னும் சுவாரசியமானது. கோயில் சொத்தை விற்க, அடமானம் வைக்க, பரிமாற்றம் செய்ய, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட வேண்டுமானால் ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன்னால் அந்தப் பரிவர்த்தனையின் விவரத்தை வெளியிட்டு, பொதுமக்களிடம் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்க வேண்டும். யாரும் கேட்காமலே அரசு தானாக முன்வந்து தகவல் வெளியிடுவது என்று இன்று பெரிதாகப் பேசப்படும் விஷயம், இந்த ஒரு வகை முடிவுக்கு மட்டும் 65 ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாகிவிட்டது.

2005 சட்டத்தின் 4வது பிரிவு அதை எல்லா அரசு அமைப்புகளுக்கும் விரித்தது. அமைப்பின் பணிகள், ஊழியர் சம்பளம், பட்ஜெட், யார் யாருக்கு என்னென்ன சலுகை, அனுமதி தரப்பட்டது என 17 வகைத் தகவல்களை 120 நாளுக்குள் வெளியிட வேண்டும் என்றது. மக்கள் மனு போட வேண்டிய தேவையே குறைய வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் நடந்தது தலைகீழ். பல அலுவலகங்களின் ‘17 அம்சக் கையேடு’ ஒரு முறை தட்டச்சாகி, அதிகாரி மாறிய பிறகும் பழைய பெயரோடு அப்படியே கிடக்கும் பிடிஎஃப்தான்.

கோயில் அரசு அலுவலகமா என்று சிலர் கேட்பார்கள். இந்த வாதத்தில் ரொம்ப நேரம் செலவழிக்கத் தேவையில்லை. அறநிலையத் துறை பொது அதிகார அமைப்பு என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு தனியார் அமைப்பிடம் இருக்கும் தகவலை வேறொரு சட்டப்படி அரசு அமைப்பு கேட்டு வாங்க முடியும் என்றால் அதுவும் ‘தகவல்’தான் என்கிறது சட்டத்தின் 2(எஃப்) பிரிவு. 29வது பிரிவின் பதிவேட்டைத் துறை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ஆக, அது குடிமகன் கேட்கக்கூடிய ஆவணமே.

2021ல் திறந்த கதவு

2021 ஜூன் முதல் வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர்.மகாதேவன், பி.டி.ஆதிகேசவலு அமர்வு, கோயில்களையும் அவற்றின் சொத்துகளையும் காப்பது பற்றி 75 உத்தரவுகள் கொண்ட தீர்ப்பைத் தந்தது. அதே மாதம், அமைச்சர் பி.கே.சேகர்பாபு தலைமையிலான அறநிலையத் துறை, கோயில் நில விவரங்களைத் தன் இணையதளத்தில் ஏற்றத் தொடங்கியது. மொத்தம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் கோயில் நிலத்தில், முதல் கட்டமாக சுமார் 3.43 லட்சம் ஏக்கருக்கான விவரங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

ஏன் மொத்தமும் ஏறவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோயில் பதிவேட்டில் உள்ள நிலத்தை, வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருளில் உள்ள பதிவோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போனவை முதலில் ஏறின. மீதியில் கோயில் பதிவேடு ஒன்று சொல்கிறது, வருவாய்ப் பதிவு வேறொன்று சொல்கிறது. சர்வே எண் மாறியிருக்கலாம், உட்பிரிவு ஆகியிருக்கலாம், பட்டா வேறு பெயருக்குப் போயிருக்கலாம்.

அப்படியானால் யோசித்துப் பாருங்கள். தகராறு இல்லாத நிலத்தின் விவரம் பொதுவெளியில் இருக்கிறது. தகராறு உள்ள நிலத்தின் விவரம், அதாவது வாங்குபவருக்கு உண்மையில் தேவைப்படும் விவரம், கடைசியில்தான் வருகிறது. யாரும் சதி செய்து இப்படி வைக்கவில்லை. சரிபார்க்காததை வெளியிட்டால் அதுவே சாட்சியாகிவிடுமோ என்ற அதிகாரியின் பயம் நியாயமானதுதான். ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான்: வெளிச்சம் தேவையில்லாத இடத்தில் வெளிச்சம்.

ஒரு வீடு, நான்கு ஜன்னல்கள்

ஒரு உதாரணமாகப் பார்ப்போம். திருச்சியில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் 40 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டைப் பேசி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று காட்டுகிறார், சுத்தமாக இருக்கிறது. பேங்க் லோனுக்கும் அது போதும் போலத் தெரிகிறது.

வில்லங்கச் சான்றில் என்ன வரும்? பதிவுத் துறையில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டும். கோயில்களின் இனாம் நில உரிமை பெரும்பாலும் பத்திரப்பதிவில் உருவானது இல்லை. அது 1860களின் இனாம் கமிஷன் காலத்து உரிமைப் பட்டயங்களிலும், இனாம் பதிவேட்டிலும், பிறகு 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நடந்த நிலவரித் திட்ட உத்தரவுகளிலும் இருக்கும். எனவே கோயில் உரிமை கோரும் மனைக்கும்கூட வில்லங்கச் சான்று ‘நில்’ என்று வரும். அதை ‘பிரச்சினை இல்லை’ என்று படித்தால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்து அவர் eservices.tn.gov.in தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுக்க வேண்டும். வார்டு, பிளாக், டி.எஸ். எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்; பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருந்தால் இரண்டுக்கும் தொடர்பு காட்டும் ஆவணத்தை விற்பவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவதாக hrce.tn.gov.in தளத்தில் அந்தக் கோயிலின் நிலப் பட்டியல். நான்காவதாக tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பு. அந்த எண்ணுக்கு மதிப்பு பூஜ்யம் என்று காட்டினால், அல்லது சுற்றிலும் உள்ள எண்களுக்கு மதிப்பு இருந்து இதற்கு மட்டும் இல்லையென்றால், அது ஒரு எச்சரிக்கை விளக்கு. பதிவுக்குத் தடை கேட்டு யாரோ கடிதம் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

அந்தக் கடிதம்தான் இந்தக் கதையின் மைய ஆவணம். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமான சொத்தை உரிய அனுமதி இல்லாமல் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்கிறது அது. கோயில் நிர்வாகம் சர்வே எண்களின் பட்டியலை அனுப்புகிறது, பதிவு நின்றுபோகிறது. அந்தப் பட்டியல் சரியா, ஒரு எண்ணில் பாதி மட்டும் கோயிலுடையதா, அதற்கு ஆதாரம் என்ன என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரியாது.

2017ல் சுதா ரவிகுமார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதைத் தொட்டது. கோயிலிடம் இருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் சார்பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கக் கூடாது. இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து, ஆவணங்களைப் பார்த்து, சுருக்கமான விசாரணை நடத்தி உத்தரவிட வேண்டும் என்றது. இறுதி உரிமையை முடிவு செய்வது சிவில் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் விசாரணை என்று வந்துவிட்டாலே, கோயில் எந்தக் காகிதத்தை நம்பியிருக்கிறது என்பது எதிர்த் தரப்புக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே அந்த வாங்குபவர் தகவல் உரிமை மனுவில் என்ன கேட்கிறார் என்பது முக்கியம். “இந்த மனை கோயிலுக்குச் சொந்தமா?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அது அதிகாரியின் கருத்தைக் கேட்பது. பதிவில் இருப்பதைத்தான் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கருத்து சொல்லச் சொல்லவில்லை. மாறாக இப்படிக் கேட்கலாம்: “வார்டு, பிளாக், டி.எஸ். எண் இன்னது குறித்து, 22-ஏ பிரிவின்படி கோயில் செயல் அலுவலர் சார்பதிவாளருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். அதோடு இணைத்த உரிமை ஆவணங்களின் நகல். 29வது பிரிவுப் பதிவேட்டில் இந்த எண் இடம்பெறும் பக்கத்தின் நகல்.” மூன்றுமே இருக்கிற காகிதங்கள். அதே மனுவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் தனியாக அனுப்பினால், ஒருவர் கொடுக்காததை மற்றவர் கொடுக்கக்கூடும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாள் கெடு.

“கோப்பு கிடைக்கவில்லை” என்று பதில் வந்தால்? இது நம் ஊர் அலுவலகங்களின் பிரபலமான பதில். சட்டத்தின் விதிவிலக்குப் பட்டியலில் ‘தொலைந்துவிட்டது’ என்று ஒன்று கிடையாது. 2013ல் டெல்லி உயர் நீதிமன்றம் விஷ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: ஒரு காலத்தில் இருந்த ஆவணம் என்றால் நன்றாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரணை நடத்தி யார் பொறுப்பு என்று பார்க்க வேண்டும். மேல்முறையீட்டில் இதைச் சுட்டிக்காட்டினாலே சில கோப்புகள் ‘கிடைத்துவிடுவது’ உண்டு.

சிலை விஷயத்தில் கணக்கு மாறுகிறதா?

நிலத்தைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போக முடியாது. சிலையையும் நகையையும் முடியும். எனவே பதிவேட்டின் அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்தால் திருடர்களுக்கு வரைபடம் கொடுத்த மாதிரி ஆகாதா? அதிகாரிகள் இப்படிக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 1323ல் டெல்லி சுல்தானியப் படை வந்தபோது உற்சவரான நம்பெருமாளை பிள்ளை லோகாசாரியார் ரகசியமாக ஊரை விட்டு எடுத்துச் சென்றார். 1371ல்தான் பெருமாள் திரும்பினார் என்கிறது கோயில் வரலாறு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, இருக்கும் இடம் பலருக்குத் தெரியாமல் இருந்ததுதான் பாதுகாப்பு.

ஆனால் நம் காலத்து அனுபவம் வேறு மாதிரி. அதைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்தில் இருந்து கிழக்கே, அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தானுக்குப் போக வேண்டும். அங்கே உள்ள பிரகதீஸ்வரர் கோயில் பூஜை நின்று, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. உள்ளே சோழர் காலத்து உலோகத் திருமேனிகள். 2006 வாக்கில் அவை திருடப்பட்டன. பூட்டு அப்படியே இருந்ததால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றுவதற்காக 2008ல் கதவைத் திறந்தபோதுதான் விஷயமே வெளிவந்தது.

அதே 2008ல், ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நடராஜரை வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று காட்டும் காகிதங்கள் அதோடு இருந்தன. அவை பொய் என்று எப்படி நிரூபிப்பது? நடராஜர் என்றால் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். “எங்கள் ஊர் நடராஜர் காணோம்” என்று சொன்னால் மட்டும் எந்த நாட்டு அருங்காட்சியகமும் கழற்றிக் கொடுத்துவிடாது.

நிரூபித்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களில் எடுத்துச் சேர்த்த படங்களில், 1994ல் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள்ளேயே எடுத்த படமும் இருந்தது. அதைக் கலைக்கூடத்தின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உலோகத்தில் இருந்த தழும்புகள்வரை ஒத்துப்போயின. 1994ல் கோயிலில் நின்ற சிலை அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வெளிநாடு போயிருக்க முடியாது. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். 2011ல் ஜெர்மனியில் கைதாகி 2012ல் இந்தியா கொண்டுவரப்பட்ட கபூர், திருச்சி மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் மற்றொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் அவருக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது.

இதில் ரகசியம் யாருக்கு உதவியது? சிலை எங்கே இருக்கிறது, கோயில் பூட்டிக் கிடக்கிறது என்பது திருடர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் இருந்தது மற்றவர்களுக்குத்தான். சிலை எப்படி இருக்கும் என்பது பொதுமக்களுக்கோ வாங்குபவருக்கோ வெளிநாட்டுப் போலீஸுக்கோ தெரியாது. ஒரு பதிவேட்டில் ‘நடராஜர், உலோகம், 1’ என்று மட்டும் இருந்தால், அது ரகசியமாக இருந்தாலும் வெளியே இருந்தாலும் சிலையை மீட்க உதவாது. படம் வெளியே இருந்தால் அந்தச் சிலையை யாரும் நிம்மதியாக விற்க முடியாது. கலைப்பொருள் திருட்டைத் தடுக்க 1997ல் கெட்டி அறக்கட்டளை முன்வைத்த ‘ஆப்ஜெக்ட் ஐடி’ முறையின் அடிப்படையும் இதுதான்: பல கோணப் படங்கள், அளவு, எடை, எழுத்துகள், மற்றும் அந்தப் பொருளுக்கு மட்டுமே உரிய கீறல், உடைப்பு, ஒட்டு. இன்டர்போல் தன் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலைச் செல்போன் செயலியிலேயே யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிடலாமா? இல்லை. பதிவேட்டை மொத்தமாக மூடுவதா திறப்பதா என்று கேட்பதே தப்பான கேள்வி. பத்தி பத்தியாகப் பார்க்க வேண்டும். படம், அளவு, எடை, கல்வெட்டு, கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகியவை வெளியே இருக்கலாம். எந்த அறையில், எந்தப் பெட்டியில், சாவி யாரிடம், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவை உள்ளே இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 10வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை மை பூசி மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது அது. ஒரு வரிக்காக முழுப் பக்கத்தையும் மறுக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ‘திருடு போய்விடும்’ என்பதற்குச் சட்டத்தில் நேரடியான விதிவிலக்கு கிடையாது. 8(1)(ஜி) பிரிவு ஒரு நபரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வந்தால் பொருந்தும், பொருளுக்கு அல்ல. 8(1)(ஏ)வில் ‘குற்றம் செய்யத் தூண்டுவது’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதைத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். வழக்கு விசாரணையில் இருந்தால் 8(1)(ஹெச்) உண்டு, ஆனால் தகவல் வெளியானால் விசாரணை எப்படித் தடைபடும் என்று சொல்லியாக வேண்டும். மறுப்பு நியாயமானதா, வெறும் சாக்கா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பதிலில் பிரிவு எண்ணோடு காரணமும் இருக்கிறதா என்று பாருங்கள். “பாதுகாப்பு காரணங்களுக்காக வழங்க இயலாது” என்று மட்டும் ஒரு வரி இருந்தால் அது சட்டப்படியான மறுப்பே இல்லை. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் அதிகாரியுடையதுதான், கேட்டவருடையது அல்ல.

2025 நவம்பருக்குப் பிறகு

நிலப் பக்கத்துக்குத் திரும்பினால், புதிதாக ஒரு பூட்டு வந்திருக்கிறது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் யார், மாத வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டாக பாக்கி என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவில் கடை நடத்திக்கொண்டு அற்ப வாடகை கட்டுபவர் யார் என்பது இதில்தான் தெரியும். ஆனால் பெயர் என்பது தனிப்பட்ட தகவல்.

பழைய 8(1)(ஜே) பிரிவு இதை எப்படி அணுகியது? தனிப்பட்ட தகவலாக இருந்து, பொதுப் பணியோடு தொடர்பும் இல்லை அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாத தலையீடு என்றால் மறுக்கலாம். அப்போதும் பொதுநலன் பெரிது என்று பட்டால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வரியும் இருந்தது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதையெல்லாம் எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்’ என்ற சில சொற்களை மட்டும் வைத்தது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே, பிறகென்ன என்பது மத்திய அரசின் வாதம். இருக்கிறது, உண்மைதான். அந்தப் பிரிவு 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியக் காப்புச் சட்டத்தைக்கூட மீறி நிற்கும். ரஃபேல் வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பத்திரிகையில் வெளியான ராணுவ ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தைத் தள்ளியபோது இந்தப் பிரிவையும் சுட்டிக்காட்டியது. ஆனால் மேசையில் உட்கார்ந்திருக்கும் தகவல் அலுவலரின் நிலையில் இருந்து பாருங்கள். முன்பு ‘இது தனிப்பட்ட தகவலா, பொதுப் பணியோடு தொடர்பு உண்டா’ என்று யோசித்துவிட்டுத்தான் அவர் மறுக்க முடியும். இப்போது ஒரு பெயர் இருந்தாலே மறுக்கலாம். பொதுநலன் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ள எந்த அலுவலர் முன்வருவார்? மறுப்பது எளிது, கொடுப்பதுதான் துணிச்சல் என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. 4வது பிரிவில் மாற்றம் இல்லை. அரசு அமைப்பு வழங்கும் சலுகை, அனுமதி, அங்கீகாரம் பெற்றவர்களின் விவரத்தைத் தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்ற கட்டளை அங்கே அப்படியே இருக்கிறது. சந்தை வாடகைக்கும் கீழே கோயில் இடத்தை அனுபவிப்பது சலுகைதான் என்று வாதிட இடம் உண்டு. பெயர் வேண்டாம் என்றால் கடை எண், பரப்பு, வாடகை, பாக்கி, குத்தகை முடியும் தேதி ஆகியவற்றைக் கேட்கலாம். பெயரை மறைத்துவிட்டு மீதியைத் தர 10வது பிரிவு இருக்கிறது. முறைகேடு நடந்திருந்தால் அது பெயரில் தெரிவதைவிட இந்த எண்களில்தான் தெளிவாகத் தெரியும். 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 34வது பிரிவின்படி ஆட்சேபம் கேட்டு வெளியிட்ட அறிவிப்பின் நகலையும் சேர்த்துக் கேட்கலாம். அது ஏற்கெனவே ஊருக்கு அறிவித்திருக்க வேண்டிய காகிதம். அதைத் தனிப்பட்ட தகவல் என்று எந்த அலுவலரும் சொல்ல முடியாது. அப்படி ஒரு அறிவிப்பே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் குத்தகை செல்லுமா என்ற கேள்வி தானாக எழும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மனு போட்டால் இந்தக் காலக்கெடு எதுவும் உதவாது. ஸ்ரீரங்கத்தில் அடிமனை பார்ப்பவர்கள் விலை பேசும் முன்பே மனுவைத் தபாலில் சேர்ப்பது நல்லது.